வேலை போகுது, லோன் தவணைக்குச் சலுகை கேட்டு பாங்குக்குக் கடிதம்: வரைவைப் பார்த்துச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை_47

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாதம் 31ஆம் திகதியோட வேலை முடியுது. கம்பனி ஆள்குறைப்பு, கடிதம் கையில இருக்கு. தனிநபர் லோன் ஒண்டு ஓடுது. மீதி 12 இலட்சம், வட்டி 14 வீதம், மாதம் 32,800 ரூபா, இன்னும் 48 தவணை. இதுவரை ஒரு தவணையும் பிந்தேல்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி சம்பளக் கணக்கிலயிருந்து தானாக் கழியும். கூட வேலை செய்த ரெண்டு பேர் பிணை. அதில ஒருத்தருக்கும் இப்ப வேலை போயிட்டுது.

நான் எழுதின கடிதம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்கள் வங்கியின் நீண்டகால வாடிக்கையாளன். எதிர்பாராத விதமாக எனது தொழிலை இழந்து பெரும் மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன். இரு பிள்ளைகளின் படிப்பும் வீட்டு வாடகையும் என்னை வாட்டுகின்றன. ஆகவே தயவுகூர்ந்து எனது கடனுக்கு இயன்ற சலுகையை வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

குறை இருந்தா சொல்லுங்கோ. திங்கட்கிழமை பிராஞ்சுக்குக் கொண்டு போகவேணும்.

ரஞ்சன்_தெமட்டகொட

கெஞ்சவே தேவையில்ல பிரதர். வேலை போனா ஆறு மாசம் மொரட்டோரியம் குடுக்கணும்னு மத்திய வங்கி சொல்லியிருக்கு. கடிதத்தைக் குடுத்துட்டு அடுத்த மாசத்துல இருந்து கட்டாம விடுங்க. கேட்டா சர்க்குலரக் காட்டுங்க.

பழைய_கிரெடிட்_மேசை

ரஞ்சன் தம்பி சொல்வது 2020, 2021 கொரோனாக் காலத்துக் கதை. அப்போது மத்திய வங்கி சுற்றறிக்கை விட்டு, பாதிக்கப்பட்ட துறைகளுக்கும் ஆட்களுக்கும் தவணையை ஒத்திவைக்கச் சொன்னது உண்மை. அவற்றுக்கெல்லாம் முடிவுத் திகதி இருந்தது. தனி ஒருவருக்கு வேலை போனால் தானாகவே கிடைக்கும் உரிமை என்று எதுவும் கிடையாது. பாங்க் விரும்பினால் தரும், தன் கணக்கைப் பார்த்துத் தரும்.

அதைவிட ஆபத்தானது, "கடிதத்தைக் குடுத்துட்டுக் கட்டாம விடுங்க" என்பது. எழுத்தில் அனுமதி வரும்வரை பழைய உடன்படிக்கைதான் செல்லும். 5ஆம் திகதி வந்தால் தவணை விழும். கணக்கில் காசு இல்லையென்றால் 6ஆம் திகதியிலிருந்து நிலுவை நாள் எண்ணத் தொடங்கிவிடும், தாமத வட்டியும் ஏறும். சலுகை கேட்பவரின் மிகப் பெரிய பலமே நிலுவை இல்லாத கணக்குத்தான். அதைக் கடிதம் கொடுத்த மாதத்திலேயே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி, வெள்ளவத்தைத் தம்பியின் வரைவு. கோபிக்க வேண்டாம், இதில் பாங்குக்குத் தேவையான ஒரு இலக்கம்கூட இல்லை. கடன் இலக்கம் இல்லை, வேலை முடியும் திகதி இல்லை, எவ்வளவு கட்டலாம் என்று இல்லை. "இயன்ற சலுகை" என்று எழுதினால் அந்தக் கடிதம் மனேஜரின் மேசையிலேயே கிடக்கும். காரணம் எளிது: கிளை முகாமையாளர் இதைத் தீர்மானிப்பதில்லை. அவர் ஒரு சிபாரிசு எழுதித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சிபாரிசில் நிரப்ப வேண்டியவை உங்கள் கடிதத்தில் இருந்தால் அன்றே எழுதுவார். இல்லாவிட்டால் உங்களை மூன்று தடவை கூப்பிடுவார், அதற்குள் 5ஆம் திகதி வந்துவிடும்.

முதலில் நீங்கள் முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான்: என்ன கேட்கப் போகிறீர்கள்? முழுத் தவணையையும் நிறுத்தச் சொல்வதா, வட்டியை மட்டும் கட்டுவதா?

புறக்கோட்டைக்_கணக்கன்

கணக்கைப் போட்டுத் தருகிறேன்.

12 இலட்சத்துக்கு 14 வீதம் என்றால் ஒரு மாத வட்டி 14,000. 32,800 தவணையில் மிச்சம் 18,800 தான் இப்போது முதலுக்குப் போகிறது.

வட்டி மட்டும் ஆறு மாதம் கட்டினால், ஆறு மாதம் கழித்தும் முதல் 12 இலட்சமாகவே நிற்கும். பிறகு அதே 32,800ஐ 48 மாதம் கட்டலாம். கடன் முடியும் நாள் ஆறு மாதம் தள்ளிப்போகும். கூடுதல் செலவு 14,000 × 6, அதாவது 84,000.

முழுவதும் நிறுத்தினால், கட்டாத வட்டி மாதாமாதம் முதலோடு சேர்ந்து ஆறு மாத முடிவில் ஏறக்குறைய 1,286,500 ஆகும். அதை 48 மாதத்தில் கட்ட 35,150 அளவு தவணை வரும். மாதம் 2,350 தானே என்று தோன்றும், 48 மாதத்துக்குப் பெருக்கினால் 112,800.

ஒரு விஷயம்: சில இடங்களில் அந்த ஆறு மாத வட்டியை முதலோடு சேர்க்காமல் தனியாக ஒதுக்கி வைத்து, பிறகு தனித் தவணையாக வாங்குவார்கள். அப்படியென்றால் வட்டிக்கு வட்டி ஏறாது. எந்த முறை என்று கேட்காமல் கையொப்பம் வைக்கக் கூடாது.

நானா_மாளிகாவத்தை

எனக்கும் இதே பிரச்சினதான். வேன் லீசிங், ரெண்டு வாடகை விழுந்திட்டு. வேலை போன கடிதம் குடுத்தா வண்டியத் தூக்க மாட்டாங்களா?

பழைய_கிரெடிட்_மேசை

நானா, உங்கள் விஷயம் வேறு. லீசிங்கில் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது கம்பனி. தனிநபர் லோனில் அவர்கள் வழக்குக்குப் போக வேண்டும், லீசிங்கில் வண்டி வீதியில் நிற்கிறது. ஆகவே உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: இந்த விண்ணப்பத்துக்கு எழுத்தில் பதில் தரும்வரை வண்டியைக் கைப்பற்ற வேண்டாம் என்ற வேண்டுகோள். அது அவர்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் பிறகு முறைப்பாடு செய்ய நேர்ந்தால் கோப்பில் இருக்கும். விழுந்த இரண்டில் ஒன்றையாவது கட்டிவிட்டுக் கடிதத்தோடு போங்கள். வேலை கிடைக்கும் அறிகுறியே இல்லையென்றால், முழுதாகக் கட்டி முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, நீங்களே வாங்குபவரைத் தேடுங்கள். அவர்கள் எடுத்து ஏலத்தில் விற்றால் விலை குறைவாகப் போகும், குறையும் தொகை உங்கள் தலையில்தான். தனி இழை போடுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

வெள்ளவத்தை_47

கணக்கருக்கு நன்றி. முழுசா நிப்பாட்டினா கையில 84,000 நிக்குமே? வேலையில்லாத நேரம் அது பெரிய காசு.

பழைய_கிரெடிட்_மேசை

உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்து பாருங்கள். வட்டி வந்துகொண்டிருக்கும் கடனில் பாக்கித் தொகை வளர்வதில்லை, வாடிக்கையாளர் தொடர்பில் இருக்கிறார் என்பது மாதாமாதம் தெரிகிறது. முழுதும் நின்றால் அவர்களுக்கு அது ஆறு மாதம் கண்ணைக் கட்டிக்கொள்வது மாதிரி. ஒரே ஆள், ஒரே கடன், ஒரே காரணம் என்றாலும் வட்டி மட்டும் கட்டும் கோரிக்கை சுலபமாகக் கடந்துபோகும். அதனால் என் எண்ணம்: வட்டி மட்டும், ஆறு மாதம். மறுத்தால் மூன்று மாதம், பிறகு மீளாய்வு. முழு நிறுத்தத்தை வட்டிக்கே வழியில்லாதவர்களுக்கு விடுங்கள்.

அதற்கு முன் உங்கள் வரவு செலவைச் சொல்லுங்கள். பணிக்கொடை வருமா?

வெள்ளவத்தை_47

ஏழு வருஷச் சேவை, அடிப்படைச் சம்பளம் 110,000. மனைவியின்ர சம்பளம் கைக்கு 85,000 வருது. வாடகை 40,000, மற்றது எல்லாம் சேர்த்து 62,000. ஆக மொத்தம் 102,000. வேற லோன் இல்லை, கிரெடிட் கார்ட்டில 60,000 இருக்கு.

புறக்கோட்டைக்_கணக்கன்

பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்: 55,000 × 7 = 385,000. 1983 சட்டப்படி வேலை முடிந்து 30 நாளுக்குள் தரவேண்டும்.

கடன் இல்லாமலே மாதம் 17,000 குறைகிறது. வட்டி 14,000ஐயும் சேர்த்தால் 31,000. பணிக்கொடை ஒரு வருடம் தாங்கும். முழுத் தவணை கட்டினால் மாதம் 49,800 குறையும், எட்டாவது மாதத்தில் காசு முடியும். கார்ட்டை இதில் சேர்க்கவில்லை.

கொட்டாஞ்சேனை_டெய்சி

அப்ப 385,000 வருதுன்னு கடிதத்துல எழுதவே எழுதாதீங்க! "காசு இருக்கே, கட்டு" என்பாங்க. பணிக்கொடையையும் வேற பாங்க்ல போட்டுக்குங்க.

பழைய_கிரெடிட்_மேசை

டெய்சி சொல்வதில் பாதி சரி. பணிக்கொடை எந்தக் கணக்கில் விழுகிறது என்பது முக்கியம்தான். சம்பளக் கணக்கில் விழுந்தால் 5ஆம் திகதி தவணை தானாகக் கழியும். நிலுவை இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள உடன்படிக்கையில் பெரும்பாலும் இடமிருக்கும். வாடகைக்கு வைத்த காசு அப்படித்தான் காணாமல் போகிறது. சலுகை அனுமதியாகும்வரை வீட்டுச் செலவுக் காசைத் தனிக் கணக்கில் வைப்பதில் தப்பில்லை.

எழுதாமல் மறைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வேலை முடித்த கடிதத்திலேயே பணிக்கொடைத் தொகை இருக்கும், அதைத்தானே இணைக்கப் போகிறீர்கள்? மறைத்ததாகத் தெரிந்தால் மிச்சக் கணக்கும் நம்பப்படாது. தொகையை எழுதுங்கள், கூடவே அது எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் எழுதுங்கள். கணக்கர் போட்ட அந்த இரண்டு வரிதான் உங்கள் கடிதத்தின் முதுகெலும்பு.

கொட்டாஞ்சேனை_டெய்சி

எனக்கு இன்னும் ஒப்பவில்ல. தொகையைக் கண்டதும் மூணு மாசமாக் குறைப்பாங்க பாருங்க.

ரஞ்சன்_தெமட்டகொட

சரி, மொரட்டோரியம் நான் பழசைச் சொல்லிட்டேன். ஆனா ஈபிஎஃப் எடுக்கலாமே? 30 வீதம் தர்றாங்களே. அத வெச்சுக் கட்டிடலாம். இல்லாட்டி கடன் தகவல் பணியகம் கிரிப்ல கறுப்புப் பட்டியல்ல போட்டுடுவாங்க.

பழைய_கிரெடிட்_மேசை

அந்த 30 வீதத்துக்குப் பத்து வருடப் பங்களிப்பும் 3 இலட்சம் மீதியும் வேண்டும். அதுவும் வீடு, மருத்துவம் போன்ற தேவைகளுக்குத்தான். ஏழு வருடக்காரருக்கு அது இல்லை. ஈடிஎஃப் வேறு: வேலை விட்டால் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை.

கிரிப்பில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. எந்தக் கடன், எவ்வளவு பாக்கி, எத்தனை நாள் பிந்தியது என்று நிறுவனங்கள் அனுப்புவதை அது பதிந்து வைக்கிறது, கடன் கொடுப்பதா இல்லையா என்பது கேட்கும் பாங்கின் வேலை. அதனால்தான் பிந்துவதற்கு முன் கேட்கச் சொல்கிறேன். 90 நாள் பிந்தினால் கடன் செயற்படாக் கடனாகும், அதன்பின் கோப்பு கிளையை விட்டு ரிகவரிப் பிரிவுக்குப் போகும், அங்கே பேச்சு வேறு. கிரெடிட் கார்ட் 60,000ஐயும் கடிதத்தில் எழுதுங்கள், கிரிப் அறிக்கையில் அவர்கள் எப்படியும் பார்ப்பார்கள்.

பிணைக்காரர் விஷயம்: அவர்களுடைய கிரிப் அறிக்கையிலும் இந்தக் கடன் பிணையாகத் தெரியும். நிபந்தனை மாறும்போது பாங்க் அவர்களிடமும் சம்மதக் கையொப்பம் கேட்கும். ரிகவரிக்காரர் கூப்பிட்டுத்தான் அவர்கள் அறிய வேண்டும் என்று விடாதீர்கள். ஒருவர் கையொப்பம் வைக்க மறுத்தால் எல்லாம் அங்கேயே நிற்கும். பல விண்ணப்பங்கள் சாகும் இடம் அதுதான்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

> முகாமையாளர், (வங்கி), வெள்ளவத்தைக் கிளை.
> திகதி:
>
> தனிநபர் கடன் இல. ……: ஆறு மாதங்களுக்கு வட்டி மாத்திரம் செலுத்த அனுமதி கோரல்
>
> மேற்படி கடனில் இன்றுவரை நிலுவை எதுவும் இல்லை. மீதி முதல் ரூபா 1,200,000. மாதத் தவணை ரூபா 32,800. எஞ்சிய தவணைகள் 48.
>
> நான் பணிபுரிந்த நிறுவனம் ஆட்குறைப்புச் செய்வதால் எனது சேவை …… ஆம் திகதியுடன் முடிவடைகிறது. அக்கடிதத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.
>
> இனி எமது குடும்பத்தின் மாத வருமானம் ரூபா 85,000, மாதச் செலவு ரூபா 102,000. எனக்குக் கிடைக்கவுள்ள பணிக்கொடை ரூபா 385,000. முழுத் தவணையையும் செலுத்தினால் இத்தொகை எட்டாவது மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டியை மாத்திரம் செலுத்தினால் ஏறக்குறைய ஒரு வருடம் போதுமானதாக இருக்கும். வேறு கடன்: கடனட்டை ரூபா 60,000.
>
> ஆகவே …… மாதத் தவணை முதல் ஆறு மாதங்களுக்கு மாதாந்தம் வட்டி ரூபா 14,000ஐ மாத்திரம் செலுத்தவும், அதன்பின் ரூபா 32,800 தவணையைத் தொடரவும், கடன் முடிவுத் திகதியை ஆறு மாதங்கள் நீடிக்கவும் அனுமதி கோருகிறேன். இக்காலத்தில் தொழில் கிடைத்தால் 14 நாட்களுக்குள் அறிவித்து முழுத் தவணையை மீள ஆரம்பிப்பேன்.
>
> பிணையாளர் இருவருக்கும் இவ்விடயம் அறிவிக்கப்பட்டுள்ளது. அவர்களில் ஒருவரும் தொழில் இழந்துள்ளார். தேவைப்படின் மாற்றுப் பிணையாளரைத் தர முயல்வேன்.
>
> தங்கள் முடிவையும், மாற்றப்பட்ட தவணை அட்டவணையையும், கட்டணங்கள் ஏதுமிருப்பின் அவற்றையும் எழுத்தில் அறியத்தருமாறு வேண்டுகிறேன்.

இணைப்பு: வேலை முடித்த கடிதம், கடைசி மூன்று சம்பளச் சிட்டை, ஆறு மாத பாங்க் ஸ்டேட்மென்ட், அடையாள அட்டைப் பிரதி, மனைவியின் சம்பளச் சிட்டை. இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் வாங்குங்கள். தமிழில் கொடுக்கலாம். ஆனால் சிபாரிசு ஆங்கிலத்தில் எழுதப்படும் இடமென்றால் ஆங்கிலப் பிரதியும் சேர்த்துக் கொடுங்கள், மொழிபெயர்ப்பவர் இலக்கத்தைப் பிழையாக எழுத வாய்ப்பிருக்காது.

புறக்கோட்டைக்_கணக்கன்

மன உளைச்சல், பிள்ளைகள் எல்லாம் போய்விட்டன. நல்லது. ஒரு திருத்தம்: 14,000 என்று அடித்து எழுதாமல் "ஏறக்குறைய" சேருங்கள். வட்டி நாள் கணக்கில் போடுவதால் 30, 31 நாள் மாதத்துக்கு மாறும். 14,000 மட்டும் போட்டு 200 ரூபா குறைந்தாலும் சிஸ்டத்தில் நிலுவை என்றுதான் காட்டும். 14,500 போடுவது பாதுகாப்பு.

வெள்ளவத்தை_47

பெரிய உதவி அக்கா. அவை ஓம் எண்டு சொன்னா, பிறகு என்ன பாக்கவேணும்?

பழைய_கிரெடிட்_மேசை

வாயால் சொன்ன "ஓம்" வேண்டாம். அனுமதிக் கடிதத்தில் நான்கு இடம் பாருங்கள்: எந்தத் தவணையிலிருந்து தொடங்குகிறது, வட்டி வீதத்தைச் சத்தமில்லாமல் கூட்டியிருக்கிறார்களா, ஆறு மாதம் கழித்துத் தவணை 32,800 தானா, கட்டணம் எவ்வளவு. தானாகக் கழியும் கட்டளையையும் மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். கடிதம் ஒன்று சொல்ல, சிஸ்டம் பழைய 32,800ஐயே கழிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். முதல் 5ஆம் திகதி கழிந்ததை அன்றே பார்த்துவிடுங்கள்.

இந்தச் சலுகை மறுசீரமைப்பாகப் பதியப்படுமா என்றும் கேளுங்கள். பதியப்பட்டால் அடுத்த சில வருடத்தில் வீட்டு லோன் கேட்கும்போது கேள்வி வரும். அதற்காகச் சலுகையை விடச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு கையொப்பம் வையுங்கள்.

கொட்டாஞ்சேனை_டெய்சி

பதிலே வராட்டி? மத்திய வங்கிக்குப் போகலாமா?

பழைய_கிரெடிட்_மேசை

முதலில் அதே பாங்கின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும், முத்திரை குத்திய பிரதியுடன். அங்கும் சரிவரவில்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935. ஆனால் சலுகை கொடு என்று அவர்கள் கட்டளை போடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கடிதத்துக்குப் பதில் தராதது, சொல்லாத கட்டணம் அடித்தது, அனுமதித்த பிறகும் பழைய தவணையைக் கழித்தது போன்றவற்றில்தான் அங்கே போவதில் பயன்.

ரஞ்சன்_தெமட்டகொட

இன்னொன்னு. ஆள்குறைப்புக்குக் கையொப்பம் வெச்சிட்டீங்களா? 15 பேரோ அதுக்கு மேலயோ உள்ள இடம்னா ஊழியர் சம்மதமோ தொழில் ஆணையாளர் அனுமதியோ இல்லாம நிப்பாட்ட ஏலாது. 1971 சட்டம். இந்தத் தடவ சரியாத்தான் சொல்றேன்!

பழைய_கிரெடிட்_மேசை

சரிதான் தம்பி. அந்தச் சட்டப்படி வேலையிழப்புக்கு நட்டஈடு வந்தால் பாங்குக் கடிதத்தில் இருக்கும் கணக்கே மாறும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாத ஆள்குறைப்பென்றால் கையொப்பம் வைக்குமுன் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் கேட்பது நல்லது.

வெள்ளவத்தை_47

இன்னும் வைக்கேல்லை. வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்கினம். அப்ப திங்கட்கிழமை பாங்குக்குப் போறதா, வெள்ளி முடிஞ்சு போறதா?

புறக்கோட்டைக்_கணக்கன்

திங்களே போங்கள். 5ஆம் திகதிக்கு முன் முத்திரை விழ வேண்டும். நட்டஈடு முடிவானால் ஒரு பந்தியில் திருத்தக் கடிதம் கொடுக்கலாம்.

கொட்டாஞ்சேனை_டெய்சி

நான் வெள்ளிக்குப் பிறகு போவேன். தொகை தெரியாம எழுதினா ரெண்டாவது கடிதத்துல எல்லாத்தையும் மாத்தணும். சரி, அவங்கவங்க விருப்பம்.